காது மடல் ஆடும் அளவுக்குக் கழுத்துத் துடிப்பு: இது ஏ அலையா, வி அலையா?

கோத்தகிரி_டூட்டி

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் டூட்டி டாக்டராக இருக்கிறேன். நேற்று சாயங்காலம் அட்மிட் ஆன ஒரு அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டும். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறார், கொழுந்து பறிக்கும் வேலை. ஒரு வருடமாக ஏற்றத்தில் கூடையோடு நடந்தால் மூச்சு வாங்குகிறது. இரண்டு மாதமாகக் கால் வீக்கம், இப்போது வயிறும் உப்பியிருக்கிறது. வீட்டில் விறகு அடுப்புதான். புகைப் பழக்கம் கிடையாது.

நேராக உட்கார்ந்த நிலையிலேயே கழுத்தின் வலது பக்கம் பெரிய அலை ஒன்று எழுகிறது. ஒவ்வொரு தடவையும் காது மடல் லேசாக ஆடுகிறது. 45 டிகிரியில் சாய்த்தால் அலையின் உச்சி தாடைக்குள் போய்விடுகிறது. உட்கார வைத்து அளந்தபோது, நெஞ்செலும்பில் கைக்குத் தட்டுப்படும் மேட்டிலிருந்து செங்குத்தாக 12 செ.மீ. வந்தது.

எக்கோவுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும், தேதி கிடைக்க நான்கைந்து நாள் ஆகும். அதுவரை இந்தக் கழுத்தை வைத்து என்ன சொல்ல முடியும்? ஒரே ஒரு பெரிய அலைதான் தெரிகிறது. அது ஏ-வா, வி-யா என்பதே என் கேள்வி.

பந்தலூர்_மருத்துவர்

எனக்கு இது ஏ அலை என்றுதான் படுகிறது. காரணம் சொல்கிறேன். இருபது முப்பது வருடம் மூடிய அறையில் விறகுப் புகை, அதனால் நுரையீரல் கெட்டு, நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருக்கும். அந்த அழுத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது கீழறையின் சுவர் தடித்து விறைத்துவிடும். விறைத்த அறைக்குள் ரத்தத்தை அனுப்ப மேலறை பலமாகச் சுருங்க வேண்டியிருக்கும். அந்தச் சுருக்கம்தான் கழுத்தில் பெரிய ஏ அலையாகத் தெரியும்.

எங்கள் பக்கம் பணியர், குறும்பர் குடியிருப்புகளில் சிக்கிள் செல் இருப்பவர்களைப் பார்க்கிறோம். அவர்களில் சிலருக்கும் நுரையீரல் அழுத்தம் ஏறும். அதனால் பெரிய அலையைப் பார்த்தாலே நான் முதலில் நுரையீரல் பக்கம்தான் போவேன். இந்த அம்மாவுக்கு டையூரெடிக், ஆக்சிஜன், இன்ஹேலர் ஆரம்பித்துவிடலாம்.

எல்லநள்ளி_மகன்

டாக்டர்கள் பேசும் இடத்தில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கும் கழுத்தில் நரம்பு புடைக்கிறது. பேசும்போதும் இருமும்போதும் கயிறு மாதிரி தெரியும். பீடி குடித்தவர், இப்போது விட்டுவிட்டார். பி.பி. ஏறியதால்தான் அப்படி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஊட்டி உயரத்தில் இருப்பதால் இதயம் வீங்கிவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். கீழே மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

வட்டக்கானல்_பெரியவர்

கோத்தகிரி டாக்டரம்மா, நான் கொடைக்கானலில் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். நாடி ஒழுங்காக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. இதற்குப் பதில் வந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

எல்லநள்ளித் தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி அப்புறம் தனியாக எழுதுகிறேன்.

குன்னூர்_ஸ்டாஃப்நர்ஸ்

ஒரு விஷயம் சொல்லட்டுமா டாக்டர். நம் ஊர்க் குளிரில் நோயாளி மஃப்ளர், ஸ்வெட்டர், குல்லா எல்லாம் போட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார். காலரை மட்டும் விலக்கிவிட்டுப் பார்த்தால் பாதிக் கழுத்துதான் தெரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் குளிரில் நடுங்கி, கழுத்துத் தசை இறுகிவிடும். நாங்கள் ஹீட்டரைப் பக்கத்தில் வைத்து, தோளுக்குக் கீழே போர்த்திவிட்டு, தலைக்கு அடியில் தலையணை கொடுத்துக் கழுத்தைத் தளர்த்தச் சொல்வோம். முகத்தை லேசாக இடது பக்கம் திருப்பி, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அலையின் நிழல் நன்றாக விழும்.

கோத்தகிரி_டூட்டி

சார், காலையில் மறுபடியும் பார்த்தேன். நாடி முழுக்க ஒழுங்கில்லாமல் இருக்கிறது. இதயத்தில் ஸ்டெத் வைத்து எண்ணினால் நிமிடத்துக்கு 118, மணிக்கட்டில் 92. ஈ.சி.ஜி.யில் பி அலையே இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான்.

நர்ஸ் அக்கா, டார்ச் யோசனைக்கு நன்றி. இன்று இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

வட்டக்கானல்_பெரியவர்

அப்படியானால் அது ஏ அலையாக இருக்க வழியில்லை. ஏ அலை என்பது வலது மேலறை சேர்ந்து சுருங்கும்போது மேலே திரும்பி வரும் அழுத்தம். ஃபிப்ரிலேஷனில் மேலறை சேர்ந்து சுருங்குவதே கிடையாது, சும்மா துடிதுடித்துக்கொண்டு இருக்கும். இந்த அலைகளுக்கு ஏ, சி, வி என்று பெயர் வைத்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. இங்கிலாந்தில் பர்ன்லி என்ற ஆலை நகரத்தில் பொது மருத்துவராக இருந்தவர். இதயத்தின் இடது பக்க மைட்ரல் வால்வு குறுகிய ஒரு நோயாளியைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தவர், நாடி தாறுமாறான பிறகு அந்த நோயாளியின் கழுத்தில் ஏ அலை காணாமல் போனதைப் பதிவு செய்தார். எக்கோ மட்டுமல்ல, ஈ.சி.ஜி.கூடப் பயன்பாட்டுக்கு வராத காலம் அது.

சரி, வி அலைக்கு வருவோம். கீழறை சுருங்கும் நேரத்தில், வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ட்ரைகஸ்பிட் வால்வு மூடியிருக்கும். அப்போதும் உடம்பிலிருந்து ரத்தம் மேலறைக்கு வந்துகொண்டே இருக்கும். அப்படி நிரம்பி ஏறுவதுதான் வி. வால்வு திறந்ததும் அது சரிந்துவிடும், அந்தச் சரிவுக்கு ஒய் என்று பெயர். ஆரோக்கியமான ஆளிடம் இந்த வி சின்னதாக, ஏ-யை விடக் குறைவாக இருக்கும். வால்வு சரியாக மூடாவிட்டால் கதையே மாறிவிடும். கீழறை சுருங்கும்போது ரத்தம் ஓட்டை வழியாகப் பின்னால் பாயும், மேலறை அதை நேராகக் கழுத்துக்குத் தள்ளிவிடும்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். இடது கழுத்தில் தமனி மேல் ஒரு விரலை மெதுவாக வையுங்கள், கண்ணை வலது கழுத்துச் சிரையில் வையுங்கள். அலை எப்போது எழுகிறது என்று தேடாமல், எப்போது விழுகிறது என்று பாருங்கள். சாதாரணக் கழுத்தில், விரலில் நாடி தூக்கும் அதே நேரத்தில் சிரை உள்ளே விழும். கீழறை சுருங்கும்போது மேலறையின் தரையைக் கீழே இழுப்பதால் வரும் எக்ஸ் இறக்கம் அது. பெரிய ஏ அலையாக இருந்தால் நாடிக்குச் சற்று முன்னால் சட்டென்று ஒரு சுண்டல், நாடி வரும்போது சரிவு. ட்ரைகஸ்பிட் ஒழுகினால் அந்தச் சரிவு இருக்க வேண்டிய இடத்திலேயே கழுத்து மேலே எழும். நாடியும் சிரையும் சேர்ந்து ஏறும், அப்புறம் சிரை ஒரேயடியாகச் சரியும்.

கோத்தகிரி_டூட்டி

சேர்ந்துதான் ஏறுகிறது சார். விரலில் நாடி படும்போதே அலையும் எழுகிறது, பிறகு வேகமாகக் கீழே விழுகிறது. தமனியைத்தான் பார்க்கிறேனோ என்று சந்தேகம் வந்து, எலும்புக்கு மேலே கழுத்தடியில் விரலால் லேசாக அழுத்தினேன். மேலே இருந்த துடிப்பு மறைந்துவிட்டது. ஆக, சிரைதான்.

வலது விலாவுக்குக் கீழே ஈரல் நான்கு விரல் இறங்கியிருக்கிறது. கையை வைத்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் அதுவும் தள்ளுகிறது.

எக்கோ_கோவை

கோவையில் இதயப் பிரிவில் ஃபெலோவாக இருக்கிறேன். சார் சொன்ன நேரக்கணக்கு சரிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. மேலறை சுருங்கி விரியாதபோது எக்ஸ் இறக்கத்தின் முதல் பகுதி போய்விடும். அதனால் ஒழுகல் எதுவும் இல்லாத ஃபிப்ரிலேஷனிலும் கழுத்தில் வி அலைதான் எடுப்பாகத் தெரியும். நாடி தாறுமாறு, வி தெரிகிறது என்பதை மட்டும் வைத்துப் பெரிய ஒழுகல் என்று எழுதிவிடக் கூடாது. இந்த அம்மாவிடம் காது மடல் ஆடுவதும் ஈரல் துடிப்பதும் சேர்ந்து இருப்பதால்தான் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எக்கோவில் பயங்கரமான ஒழுகல் தெரியும், ஆனால் கழுத்தில் வி அலை சாதுவாக இருக்கும். மேலறை பலூன் போல விரிந்து தளர்ந்துவிட்டால், திரும்பி வரும் ரத்தத்தை அதுவே வாங்கிக்கொள்ளும், அழுத்தம் அவ்வளவு ஏறாது. கழுத்தில் தெரிந்தால் நம்பலாம், தெரியவில்லை என்பதை வைத்து ஒழுகல் இல்லை என்று சொல்ல முடியாது.

பந்தலூர்_மருத்துவர்

தாளம் தெரிந்த பிறகு ஏ அலை என்ற பேச்சுக்கு இடமில்லை, சரி. ஆனால் நான் சொன்ன மூலக் காரணம் அப்படியே நிற்கிறதே. ட்ரைகஸ்பிட் வால்வு தானாகக் கெடுவது அபூர்வம். நுரையீரல் அழுத்தம் ஏறி, வலது கீழறை விரிந்து, வால்வின் வளையமும் விரிந்தால் இதழ்கள் ஒட்டாமல் ஒழுகும். அந்த அழுத்தம் விறகுப் புகையால் வந்ததாக இருக்கலாம் இல்லையா?

வட்டக்கானல்_பெரியவர்

இருக்கலாம். கழுத்து உங்களுக்கு வலது பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. நுரையீரலா, இடது பக்க வால்வா என்பதைக் கழுத்தில் படிக்க முடியாது. ஆனால் ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. புகைபிடிக்காத ஐம்பது வயதுப் பெண், மூச்சு வாங்கல், ஃபிப்ரிலேஷன், வலது பக்கச் சுமை. நம் நாட்டில் இந்த நான்கும் சேர்ந்தால், சின்ன வயது வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு குறுகியிருக்கிறதா என்று தேடாமல் விடக் கூடாது.

டாக்டரம்மா, அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்டெத்தின் பெல் பக்கத்தை இதய முனையில் லேசாக வைத்துக் கேளுங்கள். மைட்ரல் குறுகியிருந்தால் அங்கே மெல்லிய சத்தம் வரும், அழுத்தி வைத்தால் அது கேட்காது. 118 வேகத்திலும் கேட்பது கடினம். முதலில் துடிப்பைக் குறைத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். அப்புறம் நெஞ்செலும்பின் இடது கீழ் ஓரத்தில் வைத்து மூச்சை இழுக்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு முணுமுணுப்பு இருந்து, மூச்சை இழுக்கும்போது அது கூடினால் அது ட்ரைகஸ்பிட்.

எல்லநள்ளி_மகன்

சார், அப்பா விஷயம் மறந்துவிட வேண்டாம்.

வட்டக்கானல்_பெரியவர்

மறக்கவில்லை தம்பி. முதலில் பி.பி. பேச்சை விடுங்கள். கையில் பட்டை கட்டி அளக்கும் பி.பி. தமனியில் இருப்பது, கழுத்து நரம்பு அதைக் காட்டாது. அது வலது மேலறையோடு நேராகச் சேர்ந்த குழாய். கொத்தனார் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் மட்டக்குழாயில் ஒரு பக்கத்து மட்டம் மறுபக்கத்தில் தெரிவது மாதிரி, மேலறையின் அழுத்தம் கழுத்தில் தெரியும்.

பேசும்போதும் இருமும்போதும் மட்டும் புடைப்பது யாருக்கும் வரலாம். பீடியால் மூச்சுக்குழாய் சுருங்கியவர்கள் மூச்சை வெளியே தள்ளப் பாடுபடுவார்கள், அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி நரம்பு நிரம்பும், உள்ளே இழுக்கும்போது வடியும். அது நுரையீரலின் வேலை, இதயம் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. அப்பா அமைதியாக உட்கார்ந்து, பேசாமல், சாதாரணமாக மூச்சு விடும்போது காறை எலும்புக்கு மேலே நரம்பு நிரம்பி நிற்கிறதா என்று பாருங்கள். நேராக உட்கார்ந்த நிலையில் அங்கே தெரியவே கூடாது. தெரிந்தால், அதோடு கால் வீக்கமும் இருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர். உயரத்தினால் மட்டுமே நுரையீரல் அழுத்தம் ஏறி வலது இதயம் கெடுவது பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேலே வாழ்கிறவர்களிடம் பேசப்படும் விஷயம். ஆனால் நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருந்தால் இங்கே ஆக்சிஜன் இன்னும் குறையும். விரலில் மாட்டும் கருவியில் அப்பாவுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அக்கா வீட்டைப் பற்றி மருத்துவரிடமே கேளுங்கள்.

எல்லநள்ளி_மகன்

உட்கார்ந்திருக்கும்போது தெரியவில்லை சார். கால் வீக்கமும் இல்லை. விரல் கருவி பக்கத்து மெடிக்கலில் இருக்கிறது, இன்று பார்க்கிறேன்.

கோத்தகிரி_டூட்டி

இரண்டு நாளாக ஃப்ரூஸமைடும் மெட்டோப்ரோலாலும் போகின்றன. எஸ்டேட்காரர்களே வண்டி கொடுத்ததால் எக்கோ தேதிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. முதலில் நான் கேட்டதைச் சொல்கிறேன். துடிப்பு 84க்கு இறங்கிய பிறகு, இதய முனையில் பெல் வைத்தபோது அடித்தொண்டையில் உருளுவது போல ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. முதல் ஒலி நன்றாக உரக்க இருந்தது. நெஞ்செலும்பு ஓரத்தில் மூச்சை இழுத்தபோது கூடும் முணுமுணுப்பும் இருந்தது.

எக்கோவில் மைட்ரல் வால்வு குறுகியிருக்கிறது, பரப்பு 0.9 சதுர செ.மீ. ட்ரைகஸ்பிட் ஒழுகல் கடுமையானது. ஒழுகலின் வேகம் நொடிக்கு 3.6 மீட்டர். வயிற்றுப் பெருஞ்சிரை 2.4 செ.மீ. விரிந்து, மூச்சை இழுத்தாலும் சுருங்கவில்லை. நுரையீரல் அழுத்தம் 67 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த 67 எப்படி வந்தது?

எக்கோ_கோவை

வேகத்தைத் தன்னாலேயே பெருக்கி நான்கால் பெருக்க வேண்டும். 3.6 × 3.6 × 4 என்றால் ஏறக்குறைய 52. இது கீழறைக்கும் மேலறைக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான். அதோடு மேலறையின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்கு மேல் விரிந்து, பாதிகூடச் சுருங்காவிட்டால் 15 என்று வைத்துக்கொள்வது வழக்கம். 52ம் 15ம் சேர்ந்தால் 67.

அந்த 15 நாங்கள் அளந்தது இல்லை, வைத்துக்கொண்டது. இங்கேதான் உங்கள் கழுத்துக் கணக்கு உபயோகப்படும். நீங்கள் பார்த்தது 12 செ.மீ. அந்த மேட்டுக்கும் மேலறைக்கும் நடுவே 5 சேர்த்தால் 17 செ.மீ. தண்ணீர். அதை 1.36ஆல் வகுத்தால் பாதரசக் கணக்கில் 12.5. நீங்கள் அளந்தது வி அலையின் உச்சி, சராசரி அதைவிடக் குறைவாக இருக்கும். அதனால் 67 என்பதைக் கொஞ்சம் குறைத்தே படிக்கலாம் என்று நினைக்கிறேன். நோயின் கடுமையில் மாற்றம் இல்லை.

வட்டக்கானல்_பெரியவர்

அந்த 5-ஐ நான் அவ்வளவு நம்புவதில்லை. மேட்டை ஆதாரமாக வைத்து அளக்கும் முறையை 1930இல் தாமஸ் லூயிஸ் கொண்டுவந்தார். படுத்தாலும் சாய்ந்தாலும் உட்கார்ந்தாலும் மேலறை அதற்குக் கீழே 5 செ.மீ.தான் என்பது வசதிக்கு வைத்துக்கொண்ட கணக்கு. உடலைச் சாய்க்கச் சாய்க்க அந்த ஆழம் கூடுகிறது, ஆளுக்கு ஆள் மாறவும் செய்கிறது. கழுத்துக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டத்தான் வாய்ப்பு அதிகம். மேட்டுக்கு மேலே 12 என்று மட்டும் எழுதுங்கள், 17 என்று எழுத வேண்டாம்.

எக்கோ_கோவை

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை சார். ஒரே ஆளை ஒரே கோணத்தில் தினமும் பார்க்கும்போது நீங்கள் சொல்வது சரி. எக்கோ எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தானே ஆக வேண்டும்?

பந்தலூர்_மருத்துவர்

ஆக, மைட்ரல் வால்வு குறுகி, இடது மேலறையில் தேங்கி, நுரையீரலில் ஏறி, வலது கீழறை விரிந்து, கடைசியில் கழுத்தில் வந்து நின்றிருக்கிறது. விறகுப் புகையின் பங்கு கொஞ்சமாவது இருக்கும் என்றே நான் இன்னும் நினைக்கிறேன். ஸ்பைரோமெட்ரி செய்து பாருங்கள்.

இன்னொரு கேள்வி. ஃப்ரூஸமைடுக்குப் பிறகு கழுத்து எப்படி இருக்கிறது?

கோத்தகிரி_டூட்டி

நான்கு கிலோ குறைந்திருக்கிறார். 45 டிகிரியில் இப்போது உச்சி தெரிகிறது, மேட்டுக்கு மேல் 7 செ.மீ. காது மடல் ஆடவில்லை. வி அலை பாதியாகிவிட்டது. வால்வே கொஞ்சம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வட்டக்கானல்_பெரியவர்

வேண்டாம். தேங்கிய நீர் வடிந்ததும் கீழறை கொஞ்சம் சிறுக்கும், வளையமும் சிறுக்கும், ஒழுகலும் உண்மையிலேயே குறையும். மேலறையும் இறுக்கம் தளர்ந்து, ஒழுகுவதை வாங்கிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து கழுத்து அமைதியாகத் தெரியும். மைட்ரல் அதே 0.9தான். மாத்திரையை விட்டால், அல்லது துடிப்பு மறுபடியும் ஏறினால், காது மறுபடியும் ஆடும். வார்ஃபரினும் ஆரம்பித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஃபிப்ரிலேஷனோடு குறுகிய மைட்ரல் இருக்கும்போது அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது எடையும் கழுத்தும் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். எந்தக் கோணத்தில் அளந்தது என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அடுத்து பார்க்கிறவருக்கு அந்த 7 உபயோகப்படாது.

குன்னூர்_ஸ்டாஃப்நர்ஸ்

எங்கள் வார்டில் கட்டில் தலைப்பக்கம் உயர்த்தும் கம்பியில் 45-க்குச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறோம். யார் டூட்டியில் இருந்தாலும் ஒரே கோணம்தான்.

கோத்தகிரி_டூட்டி

வார்ஃபரின் நேற்றே ஆரம்பித்தாயிற்று சார். கோவையில் பலூன் வைத்து மைட்ரலைத் திறக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். ட்ரைகஸ்பிட் இவ்வளவு ஒழுகும்போது திறந்த அறுவை செய்து, இரண்டு வால்வையும் சேர்த்துச் சரிசெய்து, வளையம் போடுவதுதான் நல்லது என்று இன்னொருவர் சொல்கிறார். எக்கோ_கோவை, உங்கள் பிரிவில் இந்த மாதிரி நோயாளிக்கு என்ன முடிவு எடுப்பீர்கள்?

எக்கோ_கோவை

வால்வின் இதழ்கள் எவ்வளவு தடித்து, சுண்ணாம்பு ஏறி இருக்கின்றன, மேலறையில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறதா என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுக்க வேண்டும். எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. பலூனுக்குப் பிறகு நுரையீரல் அழுத்தம் இறங்கி, ட்ரைகஸ்பிட் ஒழுகலும் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறோம், வளையம் நிரந்தரமாக விரிந்துபோய் அப்படியே ஒழுகிக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறோம். அந்த எக்கோ வந்ததும் இதே இழையில் எழுதுங்கள், பார்ப்போம்.